"செக் கம்ப்ளீட்": வி.ஏ.ஆரோடு பழகிய ஒரு வார இறுதி நடுவரின் கணக்கு

குடியாத்தத்தில் ஆண்டுதோறும் செவன்ஸ் கால்பந்துப் போட்டி நடத்தும் தம்பி ஒருவர் போன வாரம் தொலைபேசியில் கேட்டார்: "அண்ணே, போன வருசம் மாதிரி இந்த வாட்டியும் ரெண்டு செல்லு வெச்சி வி.ஏ.ஆர். பாக்கலாமா, இல்ல வுட்டுடலாமா?" அப்போது ஒரு வரியில் பதில் சொல்ல முடியவில்லை. வேலூர், காட்பாடி, இராணிப்பேட்டை மைதானங்களில் வார இறுதிகளில் விசில் ஊதுகிறவன் நான். 2018 ரஷ்ய உலகக் கோப்பை தொடங்கி இன்றுவரை, காணொளி பார்த்து நடுவருக்கு உதவும் இந்த வி.ஏ.ஆர். முறையைத் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டும் திட்டிக்கொண்டும் இருக்கிறேன். எனவே அவருக்குச் சொல்ல வேண்டியதை இங்கே எழுதிவிடுகிறேன்.

அடிப்படைகள் அனைவருக்கும் தெரிந்தவைதாம். 2018-இல் விதிப்புத்தகத்தில் சேர்க்கப்பட்ட நெறிமுறையின்படி காணொளி அறையில் இருப்பவர் நான்கு விஷயங்களில் மட்டுமே குறுக்கிடலாம். கோலா இல்லையா, பெனால்டியா இல்லையா, நேரடிச் சிவப்பு அட்டை, அட்டை தவறான ஆட்டக்காரருக்குக் காட்டப்பட்டதா என்பவையே அவை. அவற்றிலும் நடுவர் செய்தது தெளிவான, வெளிப்படையான பிழையாகவோ, அவர் கண்ணில் படாமல் போன பெரிய சம்பவமாகவோ இருந்தால்தான் வாய் திறக்கலாம். எனக்கு இதில் மிகவும் பிடித்தது, பலரும் கவனிக்காத ஒரு விதி: மைதானத்தில் இருக்கும் நடுவர் முதலில் ஒரு முடிவைச் சொல்லியே ஆக வேண்டும். "தெரியவில்லை, நீங்களே பார்த்துச் சொல்லுங்கள்" என்று கையை விரிக்க அவருக்கு இடமில்லை. காணொளி அந்த முடிவைச் சரிபார்க்கிறதே தவிர, அதற்குப் பதிலாக முடிவெடுப்பதில்லை. இறுதிச் சொல்லும் நடுவருடையதே. விசில் பிடித்தவனுக்கு இது எவ்வளவு பெரிய கௌரவம் என்பது, கோட்டோரம் நின்று ஐம்பது பேர் கத்தும்போது முடிவு சொன்னவனுக்குத்தான் புரியும்.

ஆனால் இதே விதியின் நிழலில்தான் எனக்கு இன்றுவரை ஆறாத எரிச்சலும் இருக்கிறது. நடுவர் என்ன முடிவு சொன்னார் என்பதை அறையில் இருப்பவர் தவறாகப் புரிந்துகொண்டால், கருவி முழுதும் சரியாக வேலை செய்தும் முடிவு தவறாகிவிடும்.

2023 செப்டம்பர் 30, சனிக்கிழமை. இங்கிலாந்து பிரீமியர் லீகில் டாட்டன்ஹாம், லிவர்பூல் ஆட்டம் நம் நேரப்படி இரவு பத்து மணிக்குத் தொடங்கியது. வேலப்பாடியில் வீட்டு மாடியில் பக்கத்து வீட்டுப் பையன்களோடு பார்த்துக்கொண்டிருந்தேன். 34-ஆம் நிமிடம் லிவர்பூலின் லூயிஸ் தியாஸ் பந்தை வலைக்குள் அடித்தார். துணை நடுவர் கொடியைத் தூக்கினார். ஆஃப்சைடு, அதாவது பந்து கொடுக்கப்பட்ட கணத்திலேயே எதிரணித் தடுப்பாளர்களைத் தாண்டி நின்றார், ஆகவே கோல் இல்லை. காணொளி அறையில் கோடு போட்டுப் பார்த்தார்கள். தியாஸ் சரியான இடத்தில்தான் இருந்தார். இதுவரை எந்தக் குறையும் இல்லை. ஆனால் அறையில் இருந்தவர், மைதானத்தில் கோல் கொடுக்கப்பட்டுவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தார். ஆகவே "செக் கம்ப்ளீட்" என்றார். கோல் சரி என்பது அவர் பொருள். மைதானத்தில் இருந்தவர் காதில், உங்கள் முடிவு சரி, ஆஃப்சைடுதான் என்று அது விழுந்தது. ஃப்ரீ கிக் அடிக்கப்பட்டு ஆட்டம் தொடர்ந்தது. சில நொடிகளில், மறுஒளிபரப்பை இயக்குபவர்தான் மைதானத்து முடிவு ஆஃப்சைடு என்பதை எடுத்துச் சொன்னார். ஆட்டத்தை நிறுத்தச் சொல்லி அறைக்குள் குரல் எழுந்தது. அதற்கு வந்த பதில், இனி ஒன்றும் செய்ய முடியாது என்பதே. பின்னர் நடுவர் அமைப்பே இந்த ஒலிப்பதிவை வெளியிட்டது, கேட்டவர்களுக்குத் தெரியும். லிவர்பூல் அன்று 2-1 எனத் தோற்றது.

ஏன் முடியாது? ஆட்டம் நின்று மறுபடி தொடங்கிவிட்டால் அதற்கு முந்தைய முடிவை மாற்றக்கூடாது என்பது விதி. ஆளை மாற்றி அட்டை காட்டியது, வன்முறை, எச்சில் துப்புதல், கடித்தல், மிக ஆபாசமான செய்கை போன்றவற்றுக்கு மட்டுமே விலக்கு உண்டு. கோலுக்குக் கிடையாது. நடுவனாக நான் இந்த விதியை ஆதரிக்கிறேன். கதவைத் திறந்து வைத்தால் இரண்டு நிமிடம் கழித்தும், ஐந்து நிமிடம் கழித்தும், இடையில் எதிரணி ஒரு கோல் போட்ட பிறகும் பின்னோக்கிப் போக வேண்டிவரும். அதற்கு முடிவே இருக்காது. ரசிகனாக அன்றிரவு ரிமோட்டைச் சுவரில் எறியப் போனேன். இரண்டும் உண்மைதான். பிறகு சரிபார்த்து முடித்ததை இருவர் ஒப்புக்கொண்டு, முடிவு இன்னது என்று வெளிப்படையாகச் சொல்லும்படி பேச்சுமுறையைத் திருத்தினார்கள். இத்தனை கேமராவும் கோடும் வைத்துவிட்டு, "கோல்" என்ற ஒரு சொல்லை வாய் திறந்து சொல்ல வேண்டும் என்பதை இவ்வளவு தாமதமாகவா கற்றுக்கொள்வது!

அதே ஆட்டத்தில் இன்னொரு எல்லையும் தெரிந்தது. 26-ஆம் நிமிடம் லிவர்பூலின் கர்டிஸ் ஜோன்ஸ் காலை வைத்ததற்கு முதலில் மஞ்சள் அட்டை காட்டினார்கள். அழைப்பு வந்ததும் நடுவர் ஓரத்துத் திரைக்குப் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து சிவப்பு காட்டினார். அவர் முன்னால் முதலில் இருந்தது, கால் பட்ட கணத்தில் உறைந்து நின்ற படம். கால் எங்கே பட்டது என்பதற்கு நிறுத்திய படமும் மெதுவோட்டமும் சரி. எவ்வளவு வேகத்தோடு, எவ்வளவு மூர்க்கத்தோடு பட்டது என்பதற்கு இயல்பான வேகத்தில்தான் பார்க்க வேண்டும் என்று நெறிமுறையே சொல்கிறது. பந்து உருண்டு கால் வழுக்கியதை உறைந்த படம் காட்டாது. காலணியின் அடிப்பாகம் கணுக்காலில் பதிந்திருப்பதை மட்டும் காட்டும். முதல் பார்வையில் அதைப் பார்த்தவர் மனத்திலிருந்து அதை அழிப்பது கடினம். சிவப்பு தவறு என்று நான் அடித்துச் சொல்லமாட்டேன். ஆனால் திரையைத் திறந்த வரிசை தவறு.

69-ஆம் நிமிடம் அதே அணியின் தியோகோ ஜோட்டா இரண்டாம் மஞ்சளில் வெளியேறினார். அதற்கு ஒரு நிமிடம் முன்பு வாங்கிய முதல் மஞ்சளில் அவர் கால் எதிராளியைத் தொட்டதாகவே மறுஒளிபரப்பில் எனக்குத் தெரியவில்லை. ஆனாலும் அன்றைய விதிப்படி மஞ்சள் அட்டை பட்டியலில் இல்லை, நேரடிச் சிவப்புதான் இருந்தது. ஆகவே அறையில் எல்லோரும் பார்த்தாலும் எவரும் பேச முடியாது என்ற நிலை. ஒரே ஆட்டத்தில் மூன்று விதமாக இந்தக் கருவி மண்டியிட்டதை வேறெங்கும் நான் பார்த்ததில்லை.

ஆஃப்சைடு கோட்டைப் பற்றி ஒரு சிறு கணக்கு மட்டும் போடுகிறேன். நொடிக்கு 50 படம் எடுக்கும் கேமராவில் ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் இடைவெளி ஐம்பதில் ஒரு நொடி. நொடிக்கு 8 மீட்டர் ஓடும் முன்கள ஆட்டக்காரர் அதற்குள் 16 சென்டிமீட்டர் நகர்ந்துவிடுவார். பந்து காலை விட்டுக் கிளம்பிய கணம் இரண்டு படங்களுக்கு நடுவில் விழுந்தால், விரல் நுனி அளவுக்குப் போட்ட கோட்டுக்கு என்ன பொருள்? 2022 கத்தாரில் பந்துக்குள் நொடிக்கு 500 முறை பதியும் உணரியை வைத்தது இதற்காகத்தான். அதை வைத்த பிறகு எனக்கு இந்த விஷயத்தில் புகார் ஏதும் இல்லை. வேகமாகவும் முடிகிறது.

இனி நம் கதைக்கு வருகிறேன். போன ஆண்டு குடியாத்தத்தில் இரண்டு கைப்பேசிகளைத் தாங்கியில் நிறுத்தினோம். ஒன்று கோல் கோட்டுக்கு நேராக, மற்றொன்று நடுக்கோட்டில். பார்ப்பதற்கு ஒரு மடிக்கணினி. மேல்மட்டப் போட்டிகளில் அனுமதி பெறாமல் இப்படிச் செய்ய முடியாது. இது ஊர்ப் போட்டி என்பதால் இரு அணிகளிடமும் முன்கூட்டியே சம்மதம் வாங்கியிருந்தேன். கணினியில் உட்கார்ந்த பையனிடம் ஒன்றே ஒன்று சொன்னேன்: "ஓகே" என்ற சொல்லை உச்சரிக்கவே கூடாது. "கோல்", "கோல் இல்லை", "தெரியலண்ணா" என்ற மூன்றில் ஒன்றைத்தான் சொல்ல வேண்டும்.

அரையிறுதியில் பந்து கம்பத்தின் அடியில் பட்டுத் தரையில் குத்தி வெளியே வந்தது. நான் கோல் இல்லை என்றேன். ஓரத்துக்குப் போனேன். மே மாத மதியம் மூன்று மணி வெயிலில் திரையில் என் மூக்கைத் தவிர வேறெதுவும் தெரியவில்லை. ஒருவர் கறுப்புக் குடையைப் பிடிக்க, தலையில் துண்டைப் போர்த்திக்கொண்டு, பழைய கால ஸ்டுடியோக்காரர் மாதிரி குனிந்து பார்த்தேன். ஒரு படத்தில் பந்து கோட்டுக்கு முன்னால். அடுத்த படத்தில் தரையில் பட்டுத் திரும்பி வந்துகொண்டிருந்தது. இடையில் நடந்தது பதிவிலேயே இல்லை. பிறகுதான் கணக்குப் போட்டேன். கைப்பேசி நொடிக்கு 30 படம் எடுத்தது. பந்து நொடிக்கு 20 மீட்டர் வேகத்தில் வந்திருந்தால் ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் இடையே சுமார் 67 சென்டிமீட்டர், அதாவது மூன்று பந்து அகலம் தாண்டியிருக்கும். பையன் "தெரியலண்ணா" என்றான். என் முடிவே நின்றது. அடுத்த பத்தாவது நிமிடத்தில் கோல் பக்கத்துக் கைப்பேசி சூடேறிக் கேமராவை மூடிக்கொண்டது. அன்று மொத்தம் மூன்று முறை பார்த்தோம். இரண்டு முறை "தெரியலண்ணா".

நேர்மையாகச் சொன்னால், மூன்றாவது முறை அது என்னைக் காப்பாற்றியது. கைகலப்பில் 7-ஆம் எண்ணுக்குக் காட்டப் போன சிவப்பு, உண்மையில் 9-ஆம் எண்ணுக்குரியது. இது தெளிவாகப் பதிந்திருந்தது. அந்த 7-ஆம் எண் பையன் கண்ணில் இருந்த அழுகை நின்றதை நான் மறக்கவில்லை.

ஆகவே தம்பிக்குப் பதில்: வேண்டாம். கோல் கோடு, ஆஃப்சைடு எதற்கும் அந்தக் கைப்பேசி போதாது. இருப்பதாகச் சொல்லிவிட்டு "தெரியல" என்பது, இல்லை என்பதைவிட மோசம். அப்படியும் வைத்தே தீர வேண்டும் என்றால், ஃபிஃபா சிறிய போட்டிகளுக்காகச் சோதித்த முறையைப் பின்பற்றுங்கள். அணியின் பயிற்சியாளர் ஆட்டத்துக்கு இரண்டு முறை மட்டும் மறுபார்வை கேட்கலாம். கேட்டது சரியாக இருந்தால் வாய்ப்பு கையிலேயே தங்கும். அறையில் ஆள் உட்கார்ந்து எல்லாவற்றையும் மேய வேண்டியதில்லை. கோல் பக்கத்துக் கைப்பேசியை நொடிக்கு 240 படம் எடுக்கும் நிலையில் வையுங்கள். அப்போது ஒரு படத்துக்குச் சுமார் 8 சென்டிமீட்டர்தான் பந்து நகரும். தாங்கிக்கு மேல் ஓலைப் பந்தல் கொஞ்சம் போட்டுவிடுங்கள். ஞாயிறு மதியம் இரண்டு மணிக்கு வந்துவிடுகிறேன். குடை மட்டும் கறுப்பாகவே இருக்கட்டும்.