பத்து சதவீதமா, பதினைந்தா? ராயல்டியைக் கழிவோடு சேர்த்துக் கணக்கிடுவோம்

ஒரு பதிப்பகம் அட்டை விலையில் 10 சதவீதம் ராயல்டி தருகிறது. இன்னொன்று 15 சதவீதம் என்கிறது, ஆனால் அது பதிப்பகத்தின் கைக்கு வந்துசேரும் தொகையில் 15. கேட்டவுடன் பதினைந்துதான் பெரிதாகத் தெரியும். இடையில் இருக்கும் கடைக்காரர் கழிவைக் கணக்கில் கொண்டுவந்தால்தான் எது பெரிது என்று சொல்ல முடியும்.

விலை 300 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அட்டை விலை முறையில் பிரதிக்கு 30 ரூபாய். புத்தகம் எங்கே விற்றாலும், யாருக்கு எவ்வளவு கழிவு போனாலும் அது மாறாது. வரவு முறையில் அப்படியல்ல. கடைக்கு 35 சதவீதக் கழிவு என்றால் பதிப்பகத்துக்கு வருவது 195 ரூபாய், எழுத்தாளருக்கு 29.25. மொத்த விநியோகஸ்தருக்கு 50 சதவீதம் கொடுத்தால் வரவு 150, ராயல்டி 22.50. சென்னைப் புத்தகக் காட்சியில் பதிப்பகமே அரங்கு போட்டு, வாசகருக்கு வழக்கமான 10 சதவீதத் தள்ளுபடி மட்டும் கொடுத்து விற்றால் வரவு 270, ராயல்டி 40.50.

இரண்டும் சமமாகும் இடத்தைக் கண்டுபிடிப்பது எளிது. பத்தைப் பதினைந்தால் வகுத்தால் மூன்றில் இரண்டு பங்கு வரும். பதிப்பகத்தின் கைக்கு அட்டை விலையில் அந்த அளவாவது வந்தால்தான் 15 சதவீத ஒப்பந்தம் லாபம். அதாவது, சராசரிக் கழிவு 33 சதவீதத்தைத் தாண்டினால் அட்டை விலையில் பத்தே மேல். ஆயிரம் பிரதிகளில் 500 கடைகள் வழியாகவும், 300 விநியோகஸ்தர் வழியாகவும், 200 புத்தகக் காட்சியிலும் விற்றால், வரவு முறையில் 29,475 ரூபாய் கிடைக்கும். அட்டை விலை முறையில் 30,000. ஏறக்குறைய சமம்தான். புத்தகக் காட்சி விற்பனை நூறாகக் குறைந்து, அந்த நூறு பிரதிகள் விநியோகஸ்தரிடம் போனால் 29,475 என்பது 27,675 ஆகிவிடும்.

ஆகவே, நேரடி விற்பனை அதிகமுள்ள சிறு பதிப்பகத்திடம் வரவு முறை மோசமில்லை. பதிப்பகத்தின் பக்கமும் நியாயம் உண்டு. 50 சதவீதக் கழிவு போன பிறகும் 30 ரூபாய் ராயல்டி என்றால், மிஞ்சும் 120 ரூபாயில்தான் அச்சு, காகிதம், அலுவலகம் எல்லாம் அடங்க வேண்டும். வரவு முறையில் அந்தச் சுமையில் எழுத்தாளரும் ஒரு பங்கை ஏற்கிறார். ஆனால் ‘வரவு’ என்றால் என்ன என்று ஒப்பந்தம் சொல்லியாக வேண்டும். கழிவு மட்டும் போன தொகையா, அல்லது போக்குவரத்து, பொதிகட்டும் செலவு, வங்கிக் கட்டணம் எல்லாம் கழித்ததா? சொல்லாவிட்டால் அது சுருங்கிக்கொண்டே போகும். எழுத்தாளரால் சரிபார்க்கவும் முடியாது. அட்டை விலை முறையில் விற்ற பிரதிகளின் எண்ணிக்கை தெரிந்தால் போதும்.

மூன்றாவதாக ஒரு வகை உண்டு. நான் மிகவும் அஞ்சுவது அதற்குத்தான். ‘அட்டை விலையில் 10 சதவீதம், கழிவு 50 சதவீதமோ அதற்கு மேலோ போனால், வரவில் 10 சதவீதம்.’ படிக்கும்போது சாதாரணமாகத்தான் இருக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள். 49 சதவீதக் கழிவில் பதிப்பகத்துக்கு வருவது 153 ரூபாய். ராயல்டி 30 போக மிச்சம் 123. இன்னும் ஒரு சதவீதம் கூட்டி 50 கொடுத்தால் வரவு 150, ராயல்டி 15, மிச்சம் 135. கடைக்காரருக்கு மூன்று ரூபாய் கூடுதலாகக் கொடுத்த பதிப்பகத்துக்குப் பன்னிரண்டு ரூபாய் லாபம்! அந்தப் பதினைந்து ரூபாயும் எழுத்தாளரிடமிருந்து போனது. பதிப்பாளர் நல்லவராகவே இருக்கலாம். ஆனாலும், பேரம் 47, 48 என்று வரும்போது ஐம்பதுக்கே ஒத்துக்கொள்ளும்படி இந்த விதி அவரைத் தள்ளுகிறது. ராயல்டி அறிக்கையில் விற்பனையெல்லாம் சொல்லிவைத்தாற்போல் 50, 51 என்று நின்றால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

நூலகக் கொள்முதலைத் தனியாகவே எழுதிக்கொள்வது நல்லது. பொது நூலகத் துறை நெடுங்காலம் பாரக் கணக்கில், அதாவது புத்தகத்தின் பக்க அளவைக் கொண்டு, தானே விலை வைத்தே வாங்கிவந்தது. அங்கே அட்டை விலையைப் பிடித்துக்கொண்டு நிற்பது சரிப்படாது. வந்த தொகையில் சதவீதம் கேட்பதே பொருத்தம்.

அப்புறம் அந்த 50 சதவீத விதி. பதிப்பகம் அதை விடவே மாட்டேன் என்றால் படிப்படியாகக் குறைக்கச் சொல்லலாம். கழிவு 45-ஐத் தாண்டும் ஒவ்வொரு சதவீதத்துக்கும் ராயல்டி அரை சதவீதம் குறையட்டும். 45-இல் பதிப்பகத்துக்கு மிச்சம் 135, 49-இல் 129, 50-இல் 127.50. கழிவு கூடக்கூட எழுத்தாளருக்கும் குறைகிறது, பதிப்பகத்துக்கும் குறைகிறது. கூடுதல் கழிவு கொடுத்து லாபம் பார்க்கும் இடமே அதில் இல்லை.