ஹெட்போன் கரகரக்கிறதா? ரிப்பேருக்குக் கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்

ஒன்றும் ஆகாத ஒரு ஹெட்போனுக்கு, அதன் விலையில் பாதியை ரிப்பேர் கூலியாகக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். உங்களுக்கும் இது நடக்கக் கூடாது என்பதற்காகத்தான் எழுதுகிறேன்.

லேப்டாப்பில் ப்ளூடூத் ஹெட்போன் மாட்டித்தான் வேலை செய்வேன். சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் கரகரவென்று சத்தம் வரும், நடுநடுவே குரல் அறுந்துபோகும். காலையில் ஒரு தொந்தரவும் இருக்காது. சர்வீஸ் சென்டரில் இதை அப்படியே சொன்னேன். அங்கே பத்து நிமிடம் போட்டுக் கேட்டார்கள், நானும் கேட்டேன். சுத்தமாகப் பாடியது. இருந்தும் "ஆன்டெனா போர்டு போயிடுச்சு சார், மாத்தணும்" என்றார்கள். நம்பிக் கொடுத்தேன். திரும்பி வந்த அன்று சாயங்காலமே அதே கரகரப்பு. மறுபடி போனால், "பழைய மாடல், புதுசு வாங்கிடுங்க" என்று பதில். கழற்றிய போர்டைக் கேட்டேன், தரவில்லை.

கோளாறு என் வீட்டு ரவுட்டரில் இருந்தது. ப்ளூடூத்தும் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் வைஃபையும் ஒரே அலைவரிசைப் பட்டையில்தான் ஓடுகின்றன. பாட்டு கேட்கும் ப்ளூடூத், 2402 முதல் 2480 மெகாஹெர்ட்ஸ் வரை 79 சின்னச் சின்னத் தடங்களில் நொடிக்கு 1600 முறை வரை தாவிக்கொண்டே இருக்கும். எந்தத் தடத்தில் வைஃபை சத்தம் அதிகமோ அதை ஒதுக்கிவிட்டு மற்றதில் தாவும். ஆனால் குறைந்தது 20 தடமாவது அதற்கு வேண்டும். அவ்வளவு கிடைக்காவிட்டால், நெரிசல் என்று தெரிந்தே வைஃபை மேலேயே போய் விழ வேண்டியதுதான். அங்கே தொலைந்துபோகிற துண்டுகள்தான் நம் காதில் கரகரப்பாக, அறுபடலாகக் கேட்கின்றன.

மொபைலில் வைஃபை அனலைசர் ஆப் ஒன்றைப் போட்டுப் பார்த்தேன். அக்கம்பக்கத்து வீடுகள் எல்லாம் சேனல் 1இல். அது 2402 முதல் 2422 வரை பிடித்துக்கொள்கிறது. என் ரவுட்டரோ Auto என்று விட்டதில் 40 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் 2427 முதல் 2467 வரை பரவிக் கிடந்தது. நடுவில் ஒரு கீற்று, கடைசியில் ஒரு கீற்று, ஆக ப்ளூடூத்துக்கு மிச்சம் 17 தடம் போல. சாயங்காலம் எல்லார் வீட்டிலும் வீடியோ ஓட ஆரம்பித்ததும் அது திண்டாடியதில் ஆச்சரியமே இல்லை.

சரி, மாற்றியது இவ்வளவுதான். பிரவுசரில் ரவுட்டரின் முகவரியைப் போட்டு (பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1, ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும்) உள்ளே போய், 2.4 GHz பக்கத்தில் Channel Width என்பதை 20 MHz ஆக்கினேன், Channel என்பதை Autoவிலிருந்து 11க்கு மாற்றி Save கொடுத்தேன். இப்போது என் வைஃபைக்கு 2452 முதல் 2472 வரை போதும். இரண்டு சேனலுக்கும் நடுவில் மட்டுமே 29 தடம் காலி. காலியாகத் தெரிகிறதே என்று 3, 4 போன்ற இடைச் சேனல்களை எடுக்காதீர்கள். பக்கத்து வீட்டின் 1 மேல் ஓரளவு ஏறிக்கொண்டு, இரண்டு வைஃபையும் ஒன்றையொன்று கெடுத்துவிடும்.

கரகரப்பு பெரும்பாலும் போய்விட்டது. லேப்டாப்பில் பெரிய ஃபைல் இறங்கும்போது மட்டும் லேசாக இருந்தது. பல லேப்டாப்களில் வைஃபையும் ப்ளூடூத்தும் ஒரே சிப், சிலவற்றில் ஆன்டெனாவும் ஒன்றுதான். அதனால் லேப்டாப்பை 5 ஜிகாஹெர்ட்ஸ் வைஃபைக்கு மாற்றினேன். அது வேறு பட்டை, ப்ளூடூத் பக்கமே வராது. அதோடு மிச்சமும் நின்றது. உங்கள் பக்கத்து வீடுகள் 1, 6, 11 மூன்றையும் நிரப்பியிருந்தால் சேனல் மாற்றிப் பெரிய பலன் இருக்காது, நேராக இந்த 5 ஜிகாஹெர்ட்ஸ் வழிக்கே போங்கள்.

ரிப்பேருக்குக் கொடுக்கும் முன், மொபைலில் ஏற்கெனவே இறக்கி வைத்த பாட்டு ஒன்றை எடுங்கள். ஏரோப்ளேன் மோடு போட்டு, ப்ளூடூத்தை மட்டும் ஆன் செய்து, வீடுகளை விட்டுத் தள்ளித் திறந்த வெளியில் கேளுங்கள். அங்கே சுத்தமாக இருந்தால் ஹெட்போனைச் சந்தேகப்படத் தேவையில்லை. பாட்டின் அதே இடத்தில் ஒவ்வொரு முறையும் கரகரத்தால் ஸ்பீக்கரோ அந்த ஃபைலோ கெட்டிருக்கலாம். இடைவிடாத 'ஸ்ஸ்' இரைச்சல் என்றாலும் வைஃபை காரணமாக இருக்காது, நெரிசல் என்றால் சத்தம் விட்டு விட்டுத்தான் வரும்.

இதற்குப் பிறகும் சர்வீஸ் சென்டருக்குப் போக வேண்டி வந்தால், கோளாறை உங்கள் கண்முன் வரவழைத்துக் காட்டச் சொல்லுங்கள். கழற்றும் போர்டைத் திருப்பித் தர வேண்டும் என்பதையும் பணம் கட்டும் முன்பே பில்லில் எழுதி வாங்குங்கள். நான் இரண்டையும் செய்யவில்லை.