இரு பக்கப் பூச்சுள்ள சஃபயர் மணிக்கூடு: சில வருடப் பாவனைக்குப் பிறகு

நான் தினமும் கட்டுவது கறுப்பு டயல், வெள்ளை முட்கள் கொண்ட ஒரு மணிக்கூடு. கண்ணாடி சஃபயர். அதன் உள்பக்கம், வெளிப்பக்கம் இரண்டிலும் பிரதிபலிப்பைக் குறைக்கும் ஏஆர் கோட்டிங் உண்டு. மூக்குக்கண்ணாடி வாங்கும்போது கடைக்காரர் தனியாகக் காசு கேட்பாரே, அதே வகைப் பூச்சுதான். கண்ணாடி, அதைச் சுற்றியிருக்கும் சட்டமான பெசலுக்கு மேலே கொஞ்சம் எழும்பி நிற்கும். அதன் விளிம்பைச் சுற்றிவரச் சரித்து வெட்டியிருக்கிறார்கள். சில வருடங்களுக்குப் பிறகு இப்போது நடுப்பகுதி புதிது போலவே இருக்கிறது. ஆனால் 6க்கும் 9க்கும் இடைப்பட்ட விளிம்பில் ஒரு மெல்லிய வெளிறிய பட்டை விழுந்திருக்கிறது. வெயிலில் மணிக்கூட்டைச் சாய்த்தால் அந்தப் பட்டை மட்டும் பளிச்சென்று தெரிகிறது.

என் மச்சானிடம் இருப்பது உள்பக்கம் மட்டும் பூச்சு போட்ட சஃபயர். அதுவும் கறுப்பு டயல்தான். அவர் மணிக்கூட்டைக் கவனமாக வைத்திருக்கும் ஆள் இல்லை. ஆனாலும் அவருடைய கண்ணாடியில் ஒரு மாற்றமும் இல்லை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததிலிருந்துதான் இதை எழுதத் தோன்றியது.

முதலில், பூச்சு ஏன் தேவைப்படுகிறது? சஃபயர் என்பது இரத்தினபுரி நீலக்கல்லின் அதே பொருள், அலுமினியம் ஒக்சைட். மணிக்கூட்டுக்கு அதை நிறமில்லாமல் செயற்கையாக வளர்க்கிறார்கள். நீலக்கல் மினுங்குவதற்குக் காரணம் அதன் ஒளிவிலகல் சுட்டி உயர்வாக இருப்பது, ஏறத்தாழ 1.77. கல்லுக்கு அழகு தரும் அந்தக் குணம் மணிக்கூட்டில் தொல்லையாகிவிடுகிறது. நேராக விழும் ஒளியில் கிட்டத்தட்ட 7.7 சதவீதத்தை சஃபயரின் ஒவ்வொரு முகமும் திருப்பி அனுப்பும். மேல்முகம், கீழ்முகம் இரண்டும் சேர்ந்தால் 14 சதவீதத்துக்கு மேல். கறுப்பு டயல் தன்மேல் விழும் ஒளியில் சில சதவீதத்தைத்தான் திருப்பித் தரும். அப்படியென்றால் கண்ணாடியில் தெரியும் வானத்தின் பிம்பம் டயலைவிட வெளிச்சமாக இருக்கும். முட்கள் எங்கே என்று தேட வேண்டிவரும்.

சாதாரணக் கண்ணாடியின் சுட்டி சுமார் 1.52, பழைய மணிக்கூடுகளின் அக்ரிலிக் பிளாஸ்டிக் அதைவிடச் சற்றுக் குறைவு. இவற்றில் இரு முகமும் சேர்ந்தே 8 சதவீதம் அளவுதான் திரும்பும். அப்பா காலத்துப் பிளாஸ்டிக் கண்ணாடி மணிக்கூடு கீறல் நிறைந்திருந்தும் நேரம் பார்க்க வசதியாக இருந்ததற்கு இது ஒரு காரணம். மச்சானுடைய கண்ணாடியில் உள்முகப் பிரதிபலிப்பு போய்விட்டது, வெளிமுகத்தின் 7.7 அப்படியே நிற்கிறது. ஆகவே அந்த விலை கொடுத்த சஃபயர், வாசிப்பு விஷயத்தில் பூச்சே இல்லாத சாதாரணக் கண்ணாடிக்குச் சமமாகத்தான் வந்து நிற்கிறது. அதற்குக் கீழே இறங்க வேண்டுமென்றால் வெளிப்பக்கமும் பூச வேண்டும். அப்படிப் பூசினால் மொத்தம் ஒன்று, இரண்டு சதவீதத்துக்கு வந்துவிடும்.

கொழும்பில் இந்த வித்தியாசம் எங்கே தெரியும் என்றால், பின்னேரம் கோட்டையிலிருந்து வெள்ளவத்தைக்கு வரும் ரயிலில், கடல் பக்க இருக்கையில். சூரியன் தாழ்ந்து நேராக முகத்தில் அடிக்கும். அந்த நேரத்தில் மச்சானின் மணிக்கூட்டில் யன்னல் சட்டமும் வானமும் படம் பிடித்தது போல விழும். கையைத் திருப்பித் திருப்பித்தான் நேரம் பார்க்க வேண்டும். என்னுடையதில் கண்ணாடி இருப்பதே தெரியாது, முட்கள் திறந்து கிடப்பது போல இருக்கும். அலுவலகத்தில் டியூப் லைட்டுக்குக் கீழேயும் அப்படித்தான். நல்ல நிழலிலோ இரவிலோ இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. மிகவும் பக்கவாட்டாகப் பார்த்தால் எந்தப் பூச்சும் முழுதாக வேலை செய்யாது. இன்னொன்று, வெளிப்பூச்சில் விரல் ரேகை அசிங்கமாகத் தெரியும். பூச்சு கணக்காக அடக்கிவைத்த பிரதிபலிப்பை விரலின் எண்ணெய்ப் படலம் குழப்பிவிடுவதால் வருவது அது. வெயிலுக்குப் போகும் முன் துடைக்கும் பழக்கம் இதனால்தான் வருகிறது. தேய்மானமும் அதோடு தொடங்குகிறது.

பூச்சு எவ்வளவு மெல்லியது என்று தெரிந்தால் மற்றதெல்லாம் விளங்கும். மிக எளிய வகையில் மக்னீசியம் ஃபுளோரைட் ஒரே படலமாகப் படியவைக்கப்படுகிறது. அதன் சுட்டி 1.38. படலத்தின் மேல்முகத்தில் திரும்பும் அலையும் அடிமுகத்தில் திரும்பும் அலையும் அரை அலைநீளம் பிசகி வந்தால் ஒன்றையொன்று அழித்துவிடும். கண் அதிகம் உணரும் பச்சை ஒளிக்கு, அதாவது 550 நானோமீட்டருக்கு, இது நடக்கப் படலம் ஏறத்தாழ 100 நானோமீட்டர் தடிப்பாக இருந்தால் போதும். ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. பச்சை அழிந்து சிவப்பும் நீலமும் கொஞ்சம் மிஞ்சுவதால்தான் இந்தக் கண்ணாடிகளில் ஊதா நிறம் தட்டுகிறது. விலை கூடியவற்றில் சிலிக்கா போன்ற பொருள்களோடு பல படலங்கள் அடுக்குவார்கள். அடுக்கு கூடினாலும் மொத்தத் தடிப்பு சில நூறு நானோமீட்டர்தான்.

இப்போது கடினத்தைப் பாருங்கள். மோஸ் அளவில் சஃபயர் 9. மணலில் இருக்கும் குவாட்ஸ் 7. மக்னீசியம் ஃபுளோரைட் ஏறத்தாழ 6. காலிமுகத்திடலில் காற்றோடு வரும் தூசி சஃபயரை ஒன்றும் செய்யாது, ஆனால் அதன் மேலிருக்கும் பூச்சைக் கீறும். சஃபயர் கீறாது என்று சொல்லி விற்பது பொய் இல்லை. நாம் தொடுவது சஃபயரை அல்ல என்பதைத்தான் சொல்வதில்லை.

சரி, முழுப் பரப்பிலும் ஒரே பூச்சு இருக்க, ஏன் விளிம்பு முதலில் போகிறது? எனக்குத் தெரிந்தவரை மூன்று விஷயங்கள் ஒரே இடத்தில் கூடுகின்றன. ஒன்று அழுத்தம். தட்டையான நடுப்பகுதி மேசையில் உரசினாலும் பாரம் பரப்பில் பரவிவிடும். எழும்பி நிற்கும் விளிம்பு கதவு நிலையில் படும்போது முழு அழுத்தமும் ஒரு மெல்லிய கோட்டில் இறங்கும். சட்டைக் கைமடிப்பும் அதே கோட்டில்தான் நாள் முழுவதும் தேய்கிறது. இடது கையில் கட்டிக் கையைத் தொங்கவிட்டுப் பாருங்கள்: 6 முன்பக்கம் பார்க்கும், 9 முழங்கைப் பக்கம் இருக்கும். நடக்கும்போது முன்னால் இடிபடுவது 6, கைமடிப்பு உரசுவது 9. என் கண்ணாடியில் பட்டை விழுந்ததும் சரியாக இந்தக் கால்வட்டத்தில்தான்.

இரண்டாவது, விளிம்பில் பூச்சு தொடக்கத்திலேயே குறைவு. வெற்றிடத்தில் ஆவியாகும் பொருள் ஒரு திசையிலிருந்து வந்து கண்ணாடியில் படிகிறது. தட்டையான முகத்தில் நேராக விழும். 45 பாகை சரிவில் அதே அளவு பொருள் கூடுதல் பரப்பில் பரவ வேண்டும். நடுவில் 100 நானோமீட்டர் என்றால் சரிவில் 70 அளவுதான் சேரும். சாய்வாக வந்து படிந்த படலம் நெருக்கமாகவும் அமைவதில்லை, இடையிடையே நுண்ணிய வெற்றிடங்கள் விடும். அவற்றில் ஈரம் ஏறும். கொழும்பின் காற்றில் ஈரத்துக்குக் குறைவில்லை.

மூன்றாவது அழுக்கு. கண்ணாடிக்கும் பெசலுக்கும் இடையிலுள்ள பள்ளத்தில் வியர்வை உப்பும் தூசியும் தங்கும். உலர்ந்த துணியால் வட்டமாகத் துடைக்கும்போது ஒவ்வொரு சுற்றும் அந்தப் பள்ளத்தின் ஓரமாகப் போய் அங்கிருக்கும் மணலை இழுத்து வந்து விளிம்பில் தேய்க்கும். சட்டை நுனியால் ஊதித் துடைப்பதுதான் இருப்பதிலேயே மோசம், அதுவும் மரைன் டிரைவில் நடந்துவிட்டு வந்த கையோடு.

புறக்கோட்டையில் மணிக்கூடு திருத்தும் ஒரு நானாவிடம் பட்டி மாற்றப் போனபோது இதையும் காட்டினேன். கண்ணில் லென்ஸை மாட்டி, முதலில் நகத்தால் அந்த இடத்தில் ஒரு இழுப்பு இழுத்தார். "கல்லுக்கு ஒண்டும் ஆகல்ல தம்பி, மேல உள்ள பூச்சுதான் போயிருக்கு" என்றார். நகம் தடக்கவில்லை என்பதுதான் அவருக்குச் சாட்சி. நான் வீட்டில் பார்த்து வந்தது நிறம். வானத்தின் பிம்பம் விழும்படி சாய்த்தால் பூச்சு நல்லாயிருக்கும் இடம் மங்கிய ஊதா, மெலிந்துவிட்ட இடம் மஞ்சள் கலந்த பழுப்பு, முற்றாகப் போன இடம் நிறமே இல்லாத வெள்ளை. படலம் மெலிய மெலிய அது அழிக்கும் ஒளி பச்சையிலிருந்து நீலத்துக்கு நகர்கிறது. அதனால்தான் மஞ்சள், சிவப்புப் பக்கம் மிஞ்சி அந்தப் பழுப்பு வருகிறது. அந்த நிறம் விளிம்பில் தெரியத் தொடங்கினால் பூச்சு முற்றாகப் போக இன்னும் அதிக நாள் இல்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.

நானா இரண்டு வழி சொன்னார். வெளிப்பூச்சை முழுக்க எடுத்துவிடலாம்: பெசலை டேப் ஒட்டி மூடி, நுண்ணிய வைரப் பசையால் தேய்த்தால் பூச்சு போய்ச் சஃபயர் மிஞ்சும். டேப் ஒட்டாமல் செய்தால் பெசலின் மினுக்கம் போய்விடும். செலவு குறைவு, கண்ணாடி ஒரே சீராகிவிடும், ஆனால் மச்சானின் 8 சதவீதத்துக்கு நானும் வந்துவிடுவேன். மற்றது கண்ணாடியையே மாற்றுவது. அப்போது அதைச் சுற்றித் தண்ணீரைத் தடுக்கும் வளையமும் புதிதாகப் போட்டு, தண்ணீர் புகாத சோதனையும் செய்ய வேண்டும். தனிக் கண்ணாடி ஒன்றுக்குப் புதிதாகப் பூச்சு மட்டும் போட்டுத் தர அவரிடம் வழியில்லை. வெற்றிட அறை வேண்டிய வேலை அது.

நான் இப்போதைக்கு இரண்டும் செய்யவில்லை. பட்டை நிமிடக் கோடுகளுக்கு வெளியே நிற்பதால் நேரம் பார்ப்பதற்கு அது குறுக்கே வரவில்லை. துடைக்கும் முறையை மட்டும் மாற்றியிருக்கிறேன்: நேரம் மாற்றும் திருகு உள்ளே இறுக்கமாக இருக்கிறதா என்று பார்த்து, குழாய்த் தண்ணீரில் அலசி, மென்மையான தூரிகையால் பள்ளத்தை ஒருமுறை வழித்த பிறகே துணியை எடுப்பது. அதன் பின் பட்டை வளரும் வேகம் குறைந்த மாதிரித்தான் தெரிகிறது.

அடுத்தது வாங்கினால், கண்ணாடி பெசலுக்குள் தாழ்ந்து உட்கார்ந்திருக்கும் வடிவமாக இருந்தால் மட்டும் இரு பக்கப் பூச்சு எடுப்பேன். குவிந்து எழும்பிய கண்ணாடி என்றால் உள்பக்கம் மட்டும் போதும். கடையில் எது என்று சொல்லத் தெரியாவிட்டால் ஃபோன் டோர்ச்சைக் கண்ணாடிக்கு மேலே சாய்வாகப் பிடியுங்கள், இரண்டு ஒளிப்புள்ளிகள் அருகருகே தெரியும். இரண்டும் வெள்ளையாகப் பளிச்சென்றால் பூச்சே இல்லை. ஒன்று வெள்ளை, மற்றது மங்கிய ஊதா என்றால் உள்பக்கம் மட்டும். இரண்டுமே மங்கி நிறம் தட்டினால் வெளிப்பக்கமும் பூசியிருக்கிறார்கள்.