எல்லோர் முன்னாலும் திட்டு வாங்கிய அன்று: அடக்குவதா, கொட்டுவதா, எழுதுவதா?

திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சண்டைசராக இருந்தபோது நடந்தது. பேக்கிங் லிஸ்ட்டில் 240 பெட்டி என்று இருக்க வேண்டிய இடத்தில் 204 என்று அடித்திருந்தேன். காலைக் கூட்டத்தில் பதினொரு பேர் உட்கார்ந்திருந்தார்கள். மேனேஜர் அந்தத் தாளை என் முன்னால் போட்டுவிட்டு நாலைந்து நிமிடம் கத்தினார். நான் மேசையில் ஒட்டியிருந்த ஒரு நூல் துணுக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன். சிவப்பு நூல். அது இன்றும் நினைவிருக்கிறது.

அன்றைய தினத்தைக் கடப்பதற்கு எனக்கு மூன்று வழிகள் தெரிந்திருந்தன: எதுவும் நடக்காததுபோல் முகத்தை வைத்துக்கொள்வது, யாரிடமாவது கொட்டித் தீர்ப்பது, தனியாக உட்கார்ந்து எழுதுவது. வெவ்வேறு சமயங்களில் மூன்றையும் செய்து பார்த்திருக்கிறேன்.

முதலில் உடம்பைப் பற்றி ஒன்று. சாலி டிக்கர்சன், மார்கரெட் கெமெனி என்ற இரு ஆய்வாளர்கள் ஆய்வகத்தில் நடந்த 208 மன அழுத்த ஆய்வுகளைத் தொகுத்து 2004இல் வெளியிட்டார்கள். பிறர் முன்னிலையில் மதிப்பிடப்படுவதும், அதைத் தடுக்க நம்மால் முடியாது என்பதும் ஒன்றுசேரும்போதுதான் கார்டிசால் என்ற அழுத்த ஹார்மோன் மிக அதிகமாக ஏறுகிறது, இறங்கவும் நேரமாகிறது. கூட்டத்தில் திட்டு வாங்குவதில் இந்த இரண்டுமே இருக்கின்றன. கார்டிசால் உச்சத்துக்குப் போகவே இருபது முதல் நாற்பது நிமிடம் ஆகும். ஆகவே கூட்டம் முடிந்து இருக்கைக்கு வந்தபின் கை நடுங்கினால், தாமதமாக வந்த கோழைத்தனம் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். ஹார்மோன் அப்போதுதான் ஏறிக்கொண்டிருக்கிறது. அந்த ஒரு மணி நேரத்துக்குள் விளக்க மின்னஞ்சல் எழுதினால் அதன் ஒவ்வொரு வரியிலும் அந்த நடுக்கம் தெரியும். நான் எழுதினேன், பிறகு வருந்தினேன்.

இப்போது அடக்குவதற்கு வருவோம். அந்த நான்கைந்து நிமிடத்துக்கு இதைத் தவிர வேறு வழியில்லை, அதனால் இதைக் குறை சொல்லமாட்டேன். ஆனால் இதற்கு விலை உண்டு. உணர்ச்சியை முகத்தில் காட்டாமல் இருக்கச் சொல்லி ஜேம்ஸ் குரோஸ் குழுவினர் செய்த ஆய்வுகளில், முகம் அமைதியானாலும் உள்ளே இருந்த உணர்வு குறையவில்லை. அதோடு, அந்த நேரத்தில் காதில் விழுந்ததையும் ஆய்வில் பங்கேற்றவர்களால் சரியாக நினைவுகூர முடியவில்லை. எனக்கு அச்சு அசலாக அதுதான் நடந்தது. திருத்திய தாளை எத்தனை மணிக்குள் அனுப்ப வேண்டும் என்று மேனேஜர் சொன்னார். முகத்தைக் காப்பாற்றும் வேலையில் அது என் காதில் ஏறவேயில்லை. பிறகு பக்கத்து மேசை அக்காவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அறைக்குள் இருக்கும்வரை அடக்கலாம். வீட்டுக்குப் போயும் அதே முகத்தோடு சாப்பிட்டுப் படுத்தால், இரவு இரண்டு மணிக்கு விழிப்பு வந்து கூட்டம் மறுபடி தொடங்கும்.

கொட்டுவதைத்தான் பெரும்பாலோர் செய்கிறோம். மதியம் டீக்கடையில் அந்த அக்கா, "அந்த மனிதருக்கு வேறு வேலை இல்லை, விடு" என்றார். நெஞ்சு லேசானது. மாலை பஸ்ஸில் இன்னொருவரிடம் சொன்னேன், இரவு தங்கையிடம் போனில் சொன்னேன். மூன்றாவது முறை சொல்லும்போது காலையைவிட அதிகக் கோபத்தில் இருந்தேன். நடக்காத சில வசனங்கள்கூடக் கதையில் சேர்ந்துவிட்டன.

இதில் வியப்பில்லை. பெல்ஜியத்தின் பெர்னார் ரீமே பல ஆண்டுகள் இதை ஆராய்ந்தவர். சொன்னவர்கள் ஆறுதலாக இருந்தது என்கிறார்கள், கேட்டவரோடு நெருக்கமும் கூடுகிறது. ஆனால் சொல்வதால் மட்டும் அந்த நினைவின் சூடு தணிவதில்லை என்பது அவர் கண்டது. தணிய வேண்டுமானால் கேட்பவர் பரிதாபப்படுவதோடு நிற்காமல் வேறு கோணத்தையும் காட்ட வேண்டும். அப்படி ஒருவர் அமைவது அரிது. அறையில் உடன் இருந்தவர் அதற்குப் பெரும்பாலும் உதவமாட்டார்; அடுத்தது தனக்கு என்ற பயம் அவருக்கே இருக்கும். அறைக்கு வெளியே உள்ள ஒருவரிடம், ஒரே ஒரு முறை சொல்வது நல்லது.

தலையணையைக் குத்தித் தீர்த்துக்கொள் என்பவர்களும் உண்டு. பிராட் புஷ்மன் 2002இல் சோதித்தபோது, தன்னைக் கோபப்படுத்தியவரை நினைத்துக்கொண்டே குத்துப்பையைக் குத்தியவர்களைவிடச் சும்மா உட்கார்ந்திருந்தவர்களின் கோபம்தான் குறைவாக இருந்தது. தலையணையை விட்டுவிடலாம்.

மூன்றாவது எழுதுவது. என் தேர்வு இதுதான், குறைகளோடு சேர்த்தே. ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1986இல் வெளியிட்ட ஆய்வில் மாணவர்கள் நான்கு நாள், நாளுக்குப் பதினைந்து நிமிடம், தங்களைப் பாதித்த நிகழ்ச்சியை எழுதினார்கள். எழுதி முடித்த உடனே மனம் இன்னும் கனத்தது. பலன் பின்னால்தான் தெரிந்தது. பிற்காலத் தொகுப்பாய்வுகளின்படி சராசரிப் பலன் சிறியதுதான், அதிசயம் எதையும் எதிர்பார்க்க வேண்டாம். ஆனால் யாருக்குப் பலித்தது என்பதில் ஒரு தடயம் இருக்கிறது: நாள் போகப்போக 'ஏனென்றால்', 'இப்போது புரிகிறது' போன்ற சொற்கள் யார் எழுத்தில் கூடினவோ அவர்களுக்கு. முதல் நாள் எழுதியதையே நான்காம் நாளும் எழுதினால் அது காகிதத்தில் செய்யும் புலம்பல்.

என் நோட்டில் முதல் இரவு இருந்தது முழுக்க வசவு. இரண்டாம் இரவு வேறு மாதிரி எழுதிப் பார்த்தேன். 'நான்' என்பதை விட்டுவிட்டு என்னை என் பெயரால் அழைத்து, "உன் தவறு எது, அவர் தவறு எது?" என்று கேட்டேன். ஈதன் குரோஸ் குழுவினரின் ஆய்வுகளில், தன்னைப் பெயர் சொல்லிப் பேசிக்கொண்டவர்கள் மேடைப் பேச்சுக்குப் பிறகு குறைவாகவே வெட்கப்பட்டார்கள், நடந்ததை அசைபோட்டதும் குறைவு. பதிலை இரண்டு பத்தியாகப் பிரித்தேன். எண் மாறியது என் தவறு. ஷிப்மென்ட் போவதற்கு முன் சரிபார்க்கப் பெட்டிக் கணக்குத் தாள் என் கையில் இருந்தும் பார்க்கவில்லை. பதினொரு பேர் முன்னால் கத்தியது அவர் தவறு. அதைத் திருத்துவது என் வேலை இல்லை. மூன்றாம் நாள் எழுத அதிகம் இல்லை. நான்காம் நாள் அவர் அறைக்குப் போய், இனி இரண்டு தாளையும் ஒப்பிட்டுக் கையெழுத்துப் போட்டபின் அனுப்புகிறேன் என்றேன். திட்டுவதாக இருந்தால் தனியாகக் கூப்பிட்டுத் திட்டுங்கள் என்றும் சொன்னேன். அவர் மன்னிப்புக் கேட்கவில்லை. "சரி" என்றார்.

இதெல்லாம் எப்போதாவது நடக்கும் திட்டுக்குத்தான். வாரம்தோறும் கத்துபவரிடம் வேலை பார்த்தால், எழுதுவதும் பேசுவதும் உங்களை அந்த அறைக்குள் இன்னும் கொஞ்ச நாள் உட்காரவைக்கும், அவ்வளவே. அங்கே நோட்டின் பயன் வேறு: தேதி, நேரம், சொன்ன சொல், உடன் இருந்தவர்கள் என்று குறித்துவைத்தால் புகார் கொடுக்கும்போது உதவும். தூக்கமும் பசியும் இரண்டு வாரத்துக்கு மேல் திரும்பவில்லை என்றால் மருத்துவரைப் பாருங்கள். இந்தியாவில் அரசின் மனநல உதவி எண் 14416.

மூன்று மாதம் கழித்து அந்த அக்காவிடம் கேட்டேன், அன்று நான் எதற்காகத் திட்டு வாங்கினேன் என்று. சற்று யோசித்தார். "துணி நிறம் மாறிப்போனதே, அதுதானே?" என்றார்.