பத்தாயிரம் காலடிகள் எத்தனை கிலோமீட்டர்? ஃபிட்னஸ் பேண்டுடன் நீண்ட காலப் பழக்கம்

நானும் என் கணவரும் ஒரே வகை ஃபிட்னஸ் பேண்டைப் பல ஆண்டுகளாக அணிந்துவருகிறோம். என் உயரம் 152 செ.மீ., எடை 54 கிலோ. அவர் 178 செ.மீ., 82 கிலோ. சேர்ந்தே நடந்தாலும் காலடி எண்ணிக்கை எனக்குத்தான் எப்போதும் அதிகம். கலோரி அவருக்குத்தான் அதிகம். இரண்டுமே சரிதான்.

உயரத்தை 0.41 முதல் 0.415 வரையிலான ஓர் எண்ணால் பெருக்கி ஒரு காலடியின் நீளத்தைக் கணிப்பதே பரவலான வழக்கம். அதன்படி என் காலடி சுமார் 63 செ.மீ., அவருடையது 74 செ.மீ. ஆகவே பத்தாயிரம் காலடிகள் எனக்கு 6.3 கி.மீ., அவருக்கு 7.4 கி.மீ. எடைக்கு இந்தக் கணக்கில் இடமே இல்லை. அது கலோரியில்தான் வருகிறது. சமதளத்தில் இயல்பான வேகத்தில் நடக்க, ஒரு கிலோ எடைக்கு ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 0.5 கலோரி கூடுதலாகச் செலவாகிறது. தூரம் தெரிந்துவிட்டால் பிறகு உயரத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை: ஒரு கிலோமீட்டருக்கு எனக்கு 27 கலோரி, அவருக்கு 41.

உயரத்தை வைத்துக் கணிக்கும் இந்தச் சூத்திரம் எங்கே பிசகுகிறது என்பதை அளந்துதான் அறிய முடிந்தது. 400 மீட்டர் ஓடுதளத்தின் உள்வரிசையில் ஒரு சுற்றுக்கு எனக்கு 655 காலடிகள் ஆயின, அதாவது காலடிக்கு 61 செ.மீ.; கணிப்புக்கு மிக அருகில். ஆனால் வீட்டுக்குள் அறைக்கு அறை நடக்கும்போது பத்து மீட்டருக்கு 22 காலடிகள், அதாவது 45 செ.மீ. மட்டுமே. ஒரு நாளின் பத்தாயிரத்தில் நாலாயிரம் வெளிநடையும் ஆறாயிரம் வீட்டு நடையுமானால் உண்மையான தூரம் 2.4 கி.மீ.யும் 2.7 கி.மீ.யும் சேர்ந்து ஏறக்குறைய 5.1 கி.மீ.; பேண்ட் காட்டுவதோ 6.3. காலடி நீளத்தை நாமே பதிவுசெய்யும் வசதி இருந்தும் இந்தக் குறை தீரவில்லை, ஏனெனில் அதில் ஒரே ஒரு நீளத்தைத்தான் கொடுக்க முடிகிறது. எனவே நான் வெளிநடைக்குரிய நீளத்தைப் பதிந்துவிட்டு, தனியாகத் தொடங்கி முடித்த நடையின் தூரத்தை மட்டுமே நம்புகிறேன்.

கலோரியைப் படிக்கும்போது இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சும்மா உட்கார்ந்திருந்தாலும் உடல் ஒரு கிலோவுக்கு மணிக்குச் சுமார் ஒரு கலோரி செலவிடுகிறது. அந்த 2.4 கி.மீ. அரைமணி நடைக்கு எனக்குக் கூடுதல் செலவு 65 கலோரிதான். ஓய்வுச் செலவான 27-ஐயும் சேர்த்துக் காட்டும் திரையில் அதுவே 92 ஆகிவிடும். எங்கள் பேண்ட் சேர்த்தே காட்டுகிறது, அதை எங்கும் தெளிவாகச் சொல்வதுமில்லை. உணவுக் கணக்கில் அதை அப்படியே கழிப்பவர்கள் ஓய்வுச் செலவை இருமுறை எண்ணிவிடுவார்கள். மேடேறும் நடைக்கோ இந்த இரண்டு எண்களுமே குறைவு. சரிவை அறியாத பேண்டிடம் அதை எதிர்பார்க்கவும் முடியாது.