தங்கமும் வெள்ளியும்: இரண்டையும் வைத்திருந்து கண்டவை

2011 ஏப்ரலில், தங்கம் கைக்கெட்டாத உயரத்துக்குப் போய்விட்டது, வெள்ளி இன்னும் மலிவாகத்தான் இருக்கிறது என்று எண்ணி வெள்ளி நாணயங்களை வாங்கத் தொடங்கினேன். அப்போது வெள்ளி அவுன்ஸுக்கு 48 டாலரைத் தொட்டுக்கொண்டிருந்தது. தங்கம் 1,500 டாலரை ஒட்டி இருந்தது. 2015 முடிவில் வெள்ளி 14 டாலருக்கும் கீழே இறங்கிவிட்டது. தங்கம் 1,060 அளவில் நின்றது. தங்கத்தில் ஏறக்குறைய 30 விழுக்காடு போனது. வெள்ளியில் 70 விழுக்காடு போனது. முப்பது விழுக்காடு இழந்தவர் மீள்வதற்கு 43 விழுக்காடு ஏற்றம் போதும். எழுபது இழந்தவருக்கோ விலை மூன்று மடங்குக்கு மேல் உயர வேண்டும். வெள்ளியை ஏழைகளின் தங்கம் என்று கருதியதுதான் என் முதல் தவறு.

வெள்ளிக்கான தேவையில் பாதிக்கு மேல் தொழிற்சாலைகளிலிருந்து வருகிறது. மின்சாரத்தைக் கடத்துவதில் அதை விஞ்சிய உலோகம் இல்லை என்பதால், சூரிய மின்தகடுகளின் மேல் ஓடும் மெல்லிய கோடுகளிலிருந்து மின்சுவிட்சுகளின் தொடுமுனைகள் வரை அது பயன்படுகிறது. இந்தத் தேவை விலையை உயர்த்தும் என்பது உண்மைதான். ஆனால் பொருளாதாரம் முடங்கும்போது அதே தேவை விலையைக் கீழே இழுக்கவும் செய்கிறது. விலை நீண்ட காலம் உயர்ந்தே இருந்தால், மின்தகடு செய்பவர்கள் ஒவ்வொரு தகட்டிலும் இடும் வெள்ளியைக் குறைக்கிறார்கள், செம்புக்கு மாறவும் முயல்கிறார்கள். தோண்டியெடுக்கப்படும் வெள்ளியில் பெரும்பகுதி ஈயம், துத்தநாகம், செம்பு ஆகியவற்றின் சுரங்கங்களில் உடன்விளைபொருளாகக் கிடைப்பது என்பதால், வெள்ளி விலை ஏறியவுடன் உற்பத்தியும் ஏறிவிடுவதில்லை. சந்தையும் தங்கச் சந்தையை விடச் சிறியது. சரிவின்போது தாங்கிப் பிடிக்க, தங்கத்துக்கு இருப்பதைப் போல, மத்திய வங்கிகளின் கொள்முதலும் இல்லை. ஏற்ற இறக்கம் இவ்வளவு கூர்மையாக இருப்பதற்கு இவையே காரணம்.

இதைப் புரிந்துகொண்ட பிறகு, தங்கம்-வெள்ளி விகிதத்தை, அதாவது ஓர் அவுன்ஸ் தங்கத்துக்கு எத்தனை அவுன்ஸ் வெள்ளி என்ற கணக்கை, கவனிக்கத் தொடங்கினேன். 2018 அக்டோபரில் அது 82 ஆனபோது, வெள்ளி மிகவும் மலிந்துவிட்டதாகக் கருதி ஓர் அவுன்ஸ் தங்கத்தை விற்று வெள்ளி நாணயங்களாக மாற்றினேன். தங்கத்தை வாங்கியவர் 2 விழுக்காடு குறைத்துக் கொடுத்தார். நாணயங்களுக்கு உலோக விலைக்கு மேல் 15 விழுக்காடு பிரீமியம் கொடுத்தேன். எனவே கைக்கு வந்தது 82 அவுன்ஸ் அல்ல, 70 அவுன்ஸ்தான்.

2020 மார்ச்சில் நோய்த்தொற்று அச்சத்தில் தங்கமும் சரிந்தது, வெள்ளியோ சில வாரங்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இழந்து 12 டாலர் அளவுக்கு வந்தது. விகிதம் 120-ஐத் தாண்டியது; என் 70 அவுன்ஸும் சேர்ந்து 0.6 அவுன்ஸ் தங்கத்துக்குக்கூட ஈடாகவில்லை. அந்த நாட்களில் இன்னும் கொஞ்சம் வாங்கலாம் என்று விசாரித்தேன். சந்தை விலை திரையில் 12 டாலர் என்று இருந்தபோது, விற்பனையாளர் ஒரு நாணயத்துக்கு அதைவிடப் பாதிக்கும் மேல் கூடுதலாகக் கேட்டார், அதற்கும் வாரக்கணக்கில் காத்திருக்கச் சொன்னார். திரை விலையைப் பார்த்துக் கணக்குப் போடுபவர்கள் இந்த இடைவெளியை அவசியம் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

ஆகஸ்டில் வெள்ளி 28 டாலரைக் கடந்தது, விகிதம் 72-க்கு இறங்கியது. நான் எதிர்பார்த்ததே நடந்தது. ஆனால் 70 அவுன்ஸை 72-ஆல் வகுத்தால் கிடைப்பது 0.97 அவுன்ஸ் தங்கம். விற்கும்போது பிடிக்கப்படும் தொகையையும் கழித்தால் இன்னும் குறையும். டாலர் கணக்கில் லாபம்தான், ஆயினும் தங்கத்தைத் தொடாமலே விட்டிருந்தால் அதைவிடச் சற்றுக் கூடுதலாகவே கிடைத்திருக்கும். விகிதம் சரியான திசையில் நகர்ந்தும், அந்த லாபத்தைப் பிரீமியமும் கழிவும் தின்றுவிட்டன.

வைத்திருப்பதிலும் வேறுபாடு உண்டு. விகிதம் 80 என்றால், தங்கத்தின் மதிப்புக்குச் சமமான வெள்ளி 80 மடங்கு எடை கொண்டது மட்டுமல்ல, அடர்த்தி குறைவு என்பதால் ஏறத்தாழ 147 மடங்கு இடத்தையும் அடைக்கும். ஒருமுறை நாணயங்களை ரப்பர் வளையத்தால் கட்டி வைத்திருந்தேன். சில மாதங்களில் வளையம் பட்ட இடமெல்லாம் கருங்கோடாகிவிட்டது. ரப்பரில் உள்ள கந்தகம் வெள்ளியைக் கறுக்கச் செய்யும். துடைத்தால் மேற்பரப்பில் கீறல் விழும், அத்தகைய நாணயத்துக்குப் பிரீமியம் திரும்பக் கிடைப்பது அரிது.

இப்போது என் சேமிப்பின் அடித்தளம் தங்கம். வெள்ளி அதில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்கிறேன். விகிதத்தை நம்பி மாற்றுவதாக இருந்தால், வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் இடைவெளி குறைவாக உள்ள, பங்குகளைப் போலச் சந்தையில் வாங்கி விற்கும் நிதியான இடிஎஃப் வழியாக மட்டுமே செய்கிறேன். பழைய நாணயங்கள் கந்தகமில்லாத உறைகளில் தனித்தனியாக இருக்கின்றன, அவற்றை மாற்றும் எண்ணம் இல்லை.