ஒயரில் ஐ.எஸ்.ஐ. இருக்கிறது, ராடில் இருக்கிறதா?

குளிக்கத் தண்ணீர் காய வைக்கும் ஹீட்டர் ராடு வாங்கப் போயிருந்தேன். கடைக்காரர் இரண்டை எடுத்து வைத்தார். இரண்டும் 1500 வாட். ஒன்றின் விலை மற்றதில் பாதி. "ரெண்டுலயும் ஐ.எஸ்.ஐ. இருக்கு, பாருங்கண்ணே" என்றார். அவர் சொன்னது பொய்யில்லை.

ஆனால் விலை குறைந்ததில் முத்திரை இருந்தது ஒயரில். அதனுடன் இருந்த எண் IS 694, அதாவது ஒயருக்கான தரம். பிளக்கில் இருந்தது IS 1293. ராடுக்கு உரிய IS 368 கைப்பிடியிலும் இல்லை, பெட்டியிலும் இல்லை. வாளிக்குள் இறங்குவது ராடுதானே? ஒயரின் முத்திரை அதற்கு எப்படிப் பொறுப்பேற்கும்?

இன்னொன்றின் கைப்பிடியிலேயே முத்திரை இருந்தது: மேலே IS 368, கீழே CM/L- என்று தொடங்கும் உரிம எண். அந்தக் கீழ் வரி இல்லாத முத்திரையை நான் வெறும் படமாகத்தான் எடுத்துக்கொள்வேன். ஐ.எஸ்.ஐ. உரிமம் கொடுக்கும் அரசு அமைப்பான BIS-இன் BIS Care செயலியில், Verify Licence Details பகுதியில் எண்ணைப் போட்டேன். உரிமம் நடப்பில் இருப்பதாக வந்தது. பலர் இந்த இடத்திலேயே நிறுத்திவிடுகிறார்கள். போலி அடிப்பவருக்கு வேறொரு கம்பெனியின் உண்மையான எண்ணைப் பார்த்து அச்சடிப்பது பெரிய வேலையே இல்லை. அதுவும் "நடப்பில்" என்றுதான் வரும். அதனால் திரையில் வரும் தயாரிப்பாளர் பெயர், முகவரி, பொருள், பிராண்டு ஆகியவற்றைப் பெட்டியோடு ஒவ்வொன்றாக ஒத்துப் பார்க்க வேண்டும். எனக்கு எல்லாம் பொருந்தின.

முதல் ராடுக்குக் கடைக்காரர் ஒரு ஜெராக்ஸும் காட்டினார், ஆய்வகச் சோதனைச் சான்று. அதில் எழுதியிருந்த மாடல் எண் வேறு, ராடில் இருந்தது வேறு. பொருந்தியிருந்தாலும் நான் வாங்கியிருக்க மாட்டேன். சோதனை அறிக்கை ஆய்வகத்துக்கு வந்த அந்த ஒரு மாதிரியைப் பற்றி மட்டுமே பேசும். ஐ.எஸ்.ஐ. உரிமத்துக்கோ தொழிற்சாலையையும் வந்து பார்ப்பார்கள், உரிமம் கொடுத்த பிறகும் மாதிரி எடுத்துச் சோதிப்பார்கள். அறிக்கை உண்மைதானா என்று தெரிய வேண்டுமானால், அதன் எண்ணைச் சொல்லி ஆய்வகத்தையே கேட்கலாம். தொலைபேசி எண்ணை மட்டும் அந்தத் தாளிலிருந்து எடுக்காதீர்கள். ஆய்வகத்தின் இணையதளத்தில் பாருங்கள்.

செல்போன் சார்ஜருக்கு CM/L தேடிப் பயனில்லை. அதில் R- என்று தொடங்கும் பதிவு எண் இருக்கும். அதே செயலியில் அதைச் சரிபார்க்கத் தனிப் பகுதி உண்டு.

பெயர், முகவரி, எண் என எல்லாவற்றையும் அப்படியே நகலெடுத்த போலியைச் செயலி காட்டிக்கொடுக்காது. அந்தச் சந்தேகம் வந்தால் பேட்ச் எண்ணையும் கைப்பிடியின் படத்தையும் தயாரிப்பாளருக்கு அனுப்பிக் கேட்பதுதான் வழி. பில் கையில் இருந்தால் அதே செயலியிலேயே புகாரும் கொடுக்கலாம்.